ஒலி எந்தப் பக்கம் ஒதுங்குகிறது?

“காது அடைச்ச மாதிரி இருக்கு டாக்டர்.”

காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் வருபவர்கள் அடிக்கடி சொல்லும் வாக்கியம் இது. தலைக்குக் குளித்த மறுநாள் குறும்பி ஊறிப் பருத்துக் காதை மூடிக்கொண்டவர் இதைத்தான் சொல்வார். சளி பிடித்துச் செவிப்பறைக்குப் பின்னால் நீர் கோத்துக்கொண்டவரும் இதைத்தான் சொல்வார். ஒரே இரவில் உள்காது செயலிழந்து போனவர் சொல்வதும் இதையேதான். முதல் இருவருக்கும் அவசரம் எதுவும் இல்லை. மூன்றாமவருக்கு ஒவ்வொரு நாளும் கணக்கு. ஆனால் மூவரும் உணர்வது ஒரே விதமான அடைப்பு என்பதால், தனக்கு வந்திருப்பது எது என்று நோயாளியால் சொல்ல முடியாது. வெளியிலிருந்து பார்ப்பவருக்கும் தெரியாது.

இதைப் பிரித்துச் சொல்ல ஓர் எளிய கருவி இருக்கிறது. பள்ளி இயற்பியல் ஆய்வகத்தில் பார்த்திருப்பீர்கள், இரண்டு கிளைகளும் ஒரு காம்பும் கொண்ட இசைக்கவை. மின்சாரம் தேவையில்லை, பழுதாக ஒன்றும் இல்லை, தெரிந்தவர் கையில் இருந்தால் ஒரு நிமிடத்தில் பதில் சொல்லும். தெரியாதவர் கையில் இருந்தால் நேர்மாறான பதிலையும் சொல்லும். அந்த இரண்டாவது விஷயத்துக்குப் பிறகு வருகிறேன்.

முதலில் ஒலி போகும் பாதை. காற்றில் வரும் ஒலி செவிப்பறையை அசைக்கிறது. அதன் பின்னால் சுத்தி, பட்டடை, அங்கவடி என்று மூன்று சிறு எலும்புகள் சங்கிலியாக நிற்கின்றன. கடைசி எலும்பான அங்கவடியின் அடித்தட்டு உள்காதின் வாசலில் பொருந்தியிருக்கிறது. உள்காதில், நத்தை ஓடு போலச் சுருண்ட காக்ளியாவுக்குள் இருப்பது திரவம். காற்றில் வரும் ஒலி நேரடியாகத் திரவத்தில் மோதினால் ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்குதான் உள்ளே போகும், மீதி திரும்பி எதிரொலிக்கும். அந்த இழப்பை ஈடுகட்டத்தான் நடுக்காது. செவிப்பறையின் அதிரும் பரப்பு சுமார் 55 சதுர மில்லிமீட்டர். அங்கவடித் தட்டின் பரப்பு 3 சதுர மில்லிமீட்டருக்குச் சற்றே அதிகம். பெரிய பரப்பில் வாங்கிய விசை சிறிய பரப்பில் இறங்குவதால் அழுத்தம் ஏறத்தாழ 17 மடங்காகிறது. எலும்புகள் நெம்புகோலாக வேலை செய்வதையும் சேர்த்தால் 22 மடங்கு. திரவம் அசைந்ததும் காக்ளியாவில் உள்ள மயிர்ச் செல்கள் அந்த அசைவை மின் சைகையாக்கி நரம்பில் அனுப்புகின்றன.

வெளிக்காதின் துளையிலிருந்து அங்கவடி வரை எங்கே கோளாறு வந்தாலும் அது கடத்தும் பகுதியின் கோளாறு. ஆங்கிலத்தில் ‘கண்டக்டிவ்’ என்று டாக்டர்கள் சொல்வது இதை. குறும்பி, செவிப்பறை ஓட்டை, சீழ், நடுக்காதில் நீர், எலும்புகள் இறுகிப்போவது எல்லாம் இந்த வகை. காக்ளியாவிலோ அதற்கப்பால் நரம்பிலோ கோளாறு என்றால் ‘சென்சரிநியூரல்’. மக்கள் பேச்சில் நரம்புக் கோளாறு. முதல் வகையில் பெரும்பாலானவை மருந்தாலோ கையாலோ அறுவைச் சிகிச்சையாலோ சரியாகும். இரண்டாவது வகையில் இறந்த மயிர்ச் செல்கள் மனிதருக்கு மறுபடி முளைப்பதில்லை.

இப்போது சோதனையின் சூட்சுமம். ஒலி உள்காதுக்குப் போக இன்னொரு வழியும் உண்டு. அதிரும் பொருள் ஒன்றை மண்டையோட்டில் வைத்தால், எலும்பே அதிர்ந்து, செவிப்பறையையும் சங்கிலியையும் பெரிதும் தவிர்த்துவிட்டு, ஒலியை நேராகக் காக்ளியாவில் சேர்த்துவிடும். காற்று வழியாகவும் எலும்பு வழியாகவும் ஒரே ஒலியைக் கொடுத்து இரண்டையும் ஒப்பிட்டால் பாதையில் கோளாறா, பாதை முடியும் இடத்தில் கோளாறா என்று தெரிந்துவிடும். காது பரிசோதனையின் மொத்தத் தர்க்கமும் இவ்வளவுதான். இசைக்கவை செய்வதும் இதுதான், லட்சக்கணக்கில் விலைபோகும் ஆடியோமீட்டர் செய்வதும் இதுதான்.

மருத்துவர்கள் பெரும்பாலும் எடுப்பது நொடிக்கு 512 முறை அதிரும் கவையை. அதைவிடத் தடித்த ஒலியுள்ள 128, 256 ஹெர்ட்ஸ் கவைகளை எலும்பில் வைத்தால் ஒலியாகக் கேட்பதற்கு முன் தோலில் நடுக்கமாக உணரப்படும். நோயாளி உணர்ந்ததைக் கேட்டதாகச் சொல்லிவிடுவார். அதைவிடக் கூர்மையான கவைகளின் ஒலி சீக்கிரம் அடங்கிவிடும். 512 இரண்டுக்கும் நடுவில் வசதியாக நிற்கிறது. கவையை மேசை விளிம்பில் தட்டக் கூடாது. உலோக ஓசைகள் பல சேர்ந்து எழும். வேண்டியது ஒரே சுரம். முழங்கையிலோ முழங்காலிலோ ரப்பர் கட்டையிலோ மெதுவாகத் தட்டினால் போதும்.

முதல் சோதனைக்கு வெபர் சோதனை என்று பெயர். எர்ன்ஸ்ட் ஹைன்ரிஷ் வெபர் ஜெர்மனியின் லைப்சிக் நகரத்து உடலியலாளர். ஒரு காதை மூடிக்கொண்டால் எலும்பு வழி ஒலி மூடிய பக்கமே ஒதுங்குகிறது என்பதை 1834-இல் எழுதினார். காது நோயைக் கண்டுபிடிக்க அதைப் பயன்படுத்தலாம் என்று பிறகுதான் மற்றவர்கள் கண்டார்கள்.

அதிரும் கவையின் காம்பை நெற்றியின் நடுவிலோ உச்சந்தலையிலோ அழுத்தி வைத்து, “எந்தப் பக்கம் கேட்குது?” என்று கேட்கவேண்டும். இரண்டு காதும் ஒன்றுபோல் இருந்தால் ஒலி நடுவில், தலைக்குள், கேட்கும். ஒரு பக்கம் அடைப்பு என்றால் ஒலி அடைத்த காதில்தான் பலமாகக் கேட்கும். முதல் தடவை கேள்விப்படுபவர்களுக்கு இது தலைகீழாகத் தோன்றும். கேட்காத காதில் எப்படி அதிகம் கேட்கும்? காரணம் இரண்டு. அறையில் உள்ள மின்விசிறிச் சத்தம், தெருச் சத்தம் எல்லாம் அந்தக் காதுக்குள் நுழையாததால் எலும்பு வழி வரும் மெல்லிய ஒலிக்குப் போட்டி இல்லை. அதோடு, சாதாரணமாகக் காதுத் துளை வழியே வெளியே கசிந்துவிடும் அதிர்வும் அடைப்பினால் உள்ளேயே தங்கிவிடுகிறது. ஆனால் உள்காதே செயலிழந்திருந்தால், எந்த வழியாக வந்தாலும் அந்தப் பக்கம் வாங்கிக்கொள்ள ஆள் இல்லை. ஒலி நல்ல காதுக்குப் போய்விடும்.

கவை இல்லாமலேகூட இதைப் பார்க்கலாம். ஒரு காதை விரலால் மூடிக்கொண்டு வாயைத் திறக்காமல் ‘ம்ம்ம்’ என்று முனகுங்கள். குரல் மூடிய காதுக்குள் போய் உட்காருவது தெரியும். அதுதான் அடைப்பின் வெபர். ஒரு காது நிஜமாகவே அடைத்துக்கொண்டிருக்கும் நாளில் விரல் வைக்காமல் முனகிப் பாருங்கள். அடைத்த காதில் குரல் பலமாக ஒலித்தால் பெரும்பாலும் அடைப்புதான். நல்ல காதுக்குப் போனால் சந்தேகப்பட வேண்டிய நேரம். இது மருத்துவப் பரிசோதனைக்கு மாற்று அல்ல. ஆனால் இன்றைக்கே டாக்டரிடம் போவதா, அடுத்த வாரம் போவதா என்று தயங்குகிறவருக்கு ஒரு நல்ல தூண்டுதல்.

வெபர் சோதனையில் தவறு வரும் இடம் கவை அல்ல, கேள்வி. “நல்லா கேக்குற காதுலதானே கேக்கணும்” என்று நோயாளியே முடிவுசெய்து பதிலை மாற்றிச் சொல்வது சர்வ சாதாரணம். கேட்காத காதில் பலமாகக் கேட்கிறது என்று சொன்னால் டாக்டர் சிரிப்பாரோ என்ற கூச்சம். அதனால் அனுபவமுள்ள மருத்துவர், “இந்தக் காதிலும் கேட்கலாம், அந்தக் காதிலும் கேட்கலாம், நடுவிலும் கேட்கலாம், எதுவும் தப்பில்லை” என்று சொல்லிவிட்டுத்தான் கவையை வைப்பார். இரண்டு காதிலும் ஒரே அளவு குறை இருந்தால் ஒலி நடுவிலேயே நிற்கும் என்பதையும் மறக்கக் கூடாது. வெபர் பக்கங்களை ஒப்பிடுகிறது, அவ்வளவே.

இரண்டாவது, ரின்னே சோதனை. ஜெர்மனியில் கோட்டிங்கன் நகர மருத்துவர் ஹைன்ரிஷ் அடால்ஃப் ரின்னே 1855-இல் எழுதியது. இது ஒவ்வொரு காதையும் தனித்தனியே பார்க்கிறது. கவையின் காம்பைக் காதுக்குப் பின்னால் உள்ள எலும்புப் புடைப்பில், முடியும் மூக்குக்கண்ணாடியும் தடுக்காமல், அழுத்தி வைக்கவேண்டும். பிறகு கிளைகளைக் காதுத் துளைக்கு நேராக, ஏறக்குறைய ஓர் அங்குலத் தூரத்தில் பிடிக்கவேண்டும். “பின்னாடி வச்சப்ப பலமா, முன்னாடி காட்டுறப்ப பலமா?” என்பதே கேள்வி. நலமான காதில் முன்னால்தான் பலமாகக் கேட்கும், ஏனென்றால் 22 மடங்கு பெருக்கும் நடுக்காது அங்கேதான் வேலை செய்கிறது. இதை ‘ரின்னே பாசிட்டிவ்’ என்பார்கள். சீட்டில் பாசிட்டிவ் என்று பார்த்துப் பயந்து போகிறவர்கள் உண்டு. இங்கே அது நல்ல செய்தி. எலும்பில்தான் பலமாகக் கேட்கிறது என்றால் ரின்னே நெகட்டிவ், நடுக்காதில் பழுது. உள்காது பழுதில் இரண்டு வழியும் சேர்ந்தே குறைவதால் முன்னால் பலம் என்ற வரிசை மாறாது; ரின்னே பாசிட்டிவாகவே இருக்கும்.

ரின்னேவுக்கு ஒரு மந்தம் உண்டு. 512 கவையில் அது நெகட்டிவாகத் திரும்புவதற்குக் காற்று வழிக்கும் எலும்பு வழிக்கும் இடையில் ஏறத்தாழ 20 முதல் 30 டெசிபல் வித்தியாசம் வேண்டும். குறும்பி, சளி நீர் போன்ற லேசான அடைப்புகளில் அவ்வளவு வராமல் போகலாம். அதனால் ரின்னே பாசிட்டிவ், ஆனால் வெபர் அடைத்த பக்கம் ஒதுங்குகிறது என்ற கலவை வரும். முரண்பாடு அல்ல. வெபர் சில டெசிபல் வித்தியாசத்துக்கே அசைந்துவிடும் என்பதால் அதன் சொல்லை எடுத்துக்கொண்டு, லேசான அடைப்பு என்று முடிவுகட்டலாம்.

ரின்னேவின் இன்னொரு குறைதான் ஆபத்தானது. அதை ஓர் உதாரணத்தோடு பார்ப்பது நல்லது.

துணிக்கடையில் கணக்குப் பார்க்கும் 46 வயதுப் பெண் ஒருவர் என்று வைத்துக்கொள்வோம். காலையில் எழுந்ததும் இடக்காது அடைத்திருக்கிறது, உள்ளே ‘ஙொய்’ என்று இரைச்சல். மருந்துக்கடையில் சொட்டு மருந்து வாங்கி நான்கு நாள் ஊற்றுகிறார். ஐந்தாம் நாள் மருத்துவரிடம் வருகிறார். காதுக்குள் விளக்கு வைத்துப் பார்த்தால் குறும்பி இல்லை, செவிப்பறை பளிச்சென்று இருக்கிறது.

ரின்னே. வலக்காதில் முன்னால் பலம், சரி. இடக்காதின் பின் எலும்பில் கவையை வைத்ததும் “கேட்குது” என்கிறார். முன்னால் காட்டினால் “ஒண்ணும் கேட்கலை” என்கிறார். எலும்பில் கேட்கிறது, காற்றில் கேட்கவில்லை என்றால் ரின்னே நெகட்டிவ். புத்தகப்படி நடுக்காதுப் பழுது. இந்த இடத்தில் நிறுத்திவிடும் மருத்துவர், “உள்ளே நீர் இருக்கலாம், சளி மாத்திரை எழுதுறேன், ரெண்டு வாரம் கழிச்சு வாங்கம்மா” என்று அனுப்பிவிடுவார்.

ஆனால் வெபர் வலப்பக்கம் போகிறது. இடக்காதில் அடைப்பு என்றால் இடப்பக்கம் அல்லவா போயிருக்க வேண்டும்? இரண்டு சோதனைகளும் எதிரெதிராகச் சாட்சி சொன்னால் ஒன்று பொய். இங்கே பொய் சொன்னது ரின்னே. மண்டையோடு ஒரே எலும்புக் கூடு. இடக்காதின் பின்னால் வைத்த அதிர்வு வலக்காதின் காக்ளியாவுக்கும் ஏறத்தாழக் குறையாமல் போய்ச் சேர்ந்துவிடும். அந்தப் பெண் ‘கேட்குது’ என்றது உண்மை, கேட்டது வலக்காதால். காற்று வழி ஒலி அப்படி எளிதில் தலையைத் தாண்டாது என்பதால் முன்னால் காட்டியபோது எந்தக் காதும் கேட்கவில்லை. முற்றிலும் செத்துப்போன காது, ரின்னே சோதனையில் சாதாரண அடைப்புக் காதாக வேடம் போட்டுக்கொள்கிறது. மருத்துவப் படிப்பில் இதற்கு ‘பொய் நெகட்டிவ் ரின்னே’ என்றே பெயர்.

வேடத்தைக் கலைக்க வழி எளிது. வலக்காதுக்கு இரைச்சல் கொடுத்து அதைத் திசைதிருப்ப வேண்டும். பழைய மருத்துவமனைகளில் பாராணி பெட்டி என்று சாவி கொடுத்தால் கடகடக்கும் ஒரு சிறு கருவி இருக்கும். இல்லையென்றால் நல்ல காதின் மேல் ஒரு காகிதத்தைக் கசக்கித் தேய்த்தாலும் ஓரளவு வேலை நடக்கும். அப்படி இரைச்சல் கொடுத்துக்கொண்டு மறுபடி இடக்காதின் பின்னால் கவையை வைத்தால் அந்தப் பெண் உதட்டைப் பிதுக்குகிறார். எலும்பு வழியிலும் எதுவும் கேட்கவில்லை. உள்காதுதான் போயிருக்கிறது.

இனி ஆடியோகிராம். ஒலி புகாத அறையில் உட்கார்ந்து, காதில் ஹெட்போன் மாட்டி, ‘பீப்’ கேட்கும்போதெல்லாம் பொத்தானை அழுத்தும் பரிசோதனை. ஒவ்வொரு சுருதியிலும், கேட்டால் 10 டெசிபல் இறக்கி, கேட்காவிட்டால் 5 டெசிபல் ஏற்றி, கேட்கக்கூடிய மிக மெல்லிய அளவைக் கண்டுபிடிப்பார்கள். தாளின் மேல் ஓரத்தில் இடமிருந்து வலமாக 250 முதல் 8000 ஹெர்ட்ஸ் வரை சுருதிகள். மேலிருந்து கீழாக டெசிபல். பூஜ்யம் மேலே இருக்கும். கோடு கீழே இறங்க இறங்கக் கேட்பது மோசம். சிவப்பு வட்டங்கள் வலக்காது, நீலப் பெருக்கல் குறிகள் இடக்காது. இவை காற்று வழி. கோண அடைப்புக்குறி போன்ற குறிகள் எலும்பு வழி. அதற்காகக் காதின் பின்னால் ஒரு சிறு அதிர்வுக் கருவியை வைப்பார்கள்.

படிக்கும் முறை கவையில் பார்த்த அதே தர்க்கம். எலும்புக் கோடு மேலே நல்ல நிலையில் இருந்து, காற்றுக் கோடு மட்டும் கீழே இறங்கியிருந்தால், இரண்டுக்கும் இடையில் உள்ள இடைவெளிதான் நடுக்காதுப் பழுதின் அளவு. 10 டெசிபலைத் தாண்டும் இடைவெளியைக் கவனிக்க வேண்டும். இரண்டு கோடும் ஒட்டிக்கொண்டே கீழே இறங்கியிருந்தால் உள்காது. எலும்புக் கோடும் இறங்கி, அதற்கும் கீழே காற்றுக் கோடு இருந்தால் இரண்டும் கலந்தது. இதோடு ஒரு வரம்பும் உண்டு. வெறும் கடத்தல் கோளாறால் ஏறத்தாழ 60 டெசிபலுக்கு மேல் கேள்வித் திறன் குறையாது. அதைவிடப் பலமான ஒலி மண்டையோட்டையே அசைத்து உள்ளே போய்விடும்.

நம் உதாரணப் பெண்ணின் தாளுக்கு வருவோம். வலக்காது 10, 15 என்று அழகாக மேலே. இடக்காதை, எதிர்க் காதுக்கு இரைச்சல் கொடுக்காமல் எடுத்தால் என்ன வரும்? எலும்புக் கோடு 10, 15 என்று மேலே நிற்கும், வலக்காது கேட்பதால். காற்றுக் கோடு 60-க்குப் பக்கத்தில் நிற்கும். ஹெட்போன் ஒலி 50 டெசிபல் அளவுக்கு நல்ல காதின் அளவைத் தாண்டியதும் அதுவும் தலையைக் கடந்து வலக்காதுக்குப் போய்விடுவதே காரணம். தாளைப் பார்த்தால் கச்சிதமான கடத்தல் கோளாறு: எலும்பு நன்று, காற்று மோசம், இடைவெளி 50. கவை சொன்ன அதே பொய்யை இப்போது லட்ச ரூபாய் இயந்திரமும், நேர்த்தியான வரைபடமாக, சொல்கிறது. இந்தக் கோட்டை நிழல் கோடு என்பார்கள். இடக்காதின் தாளில் விழுந்திருப்பது வலக்காதின் நிழல்.

வலக்காதுக்கு ஹெட்போன் வழியே அளந்த இரைச்சலைக் கொடுத்து மறுபடி எடுப்பதற்கு மாஸ்கிங் என்று பெயர். அப்படி எடுத்ததும் இடக்காதின் காற்றுக் கோடு 75, 80, 85 என்று சரிந்து, 8000-இல் எதுவுமே கேட்கவில்லை என்று முடிகிறது. எலும்பு வழியில் கருவியின் உச்ச அளவிலும் பதில் இல்லை. இடைவெளி மறைந்துவிட்டது. மாஸ்கிங் செய்து எடுத்த குறிகள் வடிவம் மாறியிருக்கும்: வலக்காதுக்கு வட்டத்துக்குப் பதில் முக்கோணம், இடக்காதுக்குப் பெருக்கல் குறிக்குப் பதில் சதுரம், எலும்புக்குச் சதுர அடைப்புக்குறி. இரண்டு காதுகளுக்கும் பெரிய வித்தியாசம் உள்ள ஒரு தாளில் இந்தக் குறிகள் எங்குமே இல்லையென்றால் அந்தத் தாளை நம்பக் கூடாது. இது நோயாளியே பார்த்துக் கேட்கக்கூடிய விஷயம்.

அந்தப் பெண்ணுக்கு வந்திருப்பது திடீர் உள்காதுச் செயலிழப்பு. அடுத்தடுத்த மூன்று சுருதிகளிலாவது 30 டெசிபலோ அதற்கு மேலோ, மூன்று நாளுக்குள் குறைந்தால் அப்படி வகைப்படுத்துகிறார்கள். பெரும்பாலானவர்களுக்குக் காரணம் கண்டுபிடிக்கப்படுவதில்லை. சிலருக்குச் சிகிச்சை இல்லாமலும் தானாகத் தேறுகிறது. தொடக்க நாட்களிலேயே, இரண்டு வாரத்துக்குள், ஸ்டீராய்டு கொடுத்துப் பார்ப்பது நடைமுறை. அதன் பலன் பற்றிய சான்றுகள் ஐயத்துக்கு இடமில்லாதவை அல்ல. ஆனால் வேறு உருப்படியான வழியும் இல்லை; நாள் கடந்தால் இந்த வாய்ப்பும் மங்கிவிடுகிறது. சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு மாத்திரையாகக் கொடுத்தால் ரத்தச் சர்க்கரை எகிறும் என்பதால், செவிப்பறை வழியாக ஊசியில் நடுக்காதுக்குள் செலுத்துவதும் உண்டு. மாத்திரைக்குத் தேறாதவர்களுக்கும் அடுத்த படியாக அதே ஊசிதான். ஒரு பக்கம் மட்டும் இப்படிப் போனவர்களுக்கு எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொல்வார்கள். செவி நரம்பில் புற்றல்லாத கட்டி ஒன்று சிறு விழுக்காட்டினருக்கு இருக்கலாம், அதைத் தேடத்தான். சொட்டு மருந்தில் போன நான்கு நாள்தான் இந்தக் கதையில் எனக்கு உறுத்துகிறது. செவிப்பறைக்கு அப்பால் உள்ள நோய்க்குக் காதுச் சொட்டால் செய்வதற்கு ஒன்றுமே இல்லை.

ஆடியோகிராமின் மற்ற வடிவங்களில் ஒன்றை மட்டும் சற்று நின்று பார்க்கலாம், ஏனென்றால் அதுவும் ஏமாற்றும். ஓட்டோஸ்கிளீரோசிஸ் என்ற நோயில் அங்கவடியைச் சுற்றிப் புது எலும்பு வளர்ந்து அதை இறுக்கிவிடுகிறது. இளம் வயதுப் பெண்களிடம் அதிகம் காணப்படும். பேருந்துச் சத்தத்தில் நன்றாகக் கேட்கிறது, வீட்டு அமைதியில் கேட்கவில்லை என்று சிலர் சொல்வார்கள். சத்தத்தில் எதிரில் இருப்பவர் குரலை உயர்த்துகிறார்; இவருக்கோ சத்தம் உறைக்கவில்லை. செவிப்பறை பார்க்க நலமாக இருக்கும், ரின்னே நெகட்டிவ். தாளில் எலும்புக் கோடு நன்றாக ஓடி வந்து 2000 ஹெர்ட்ஸில் மட்டும் ஒரு பள்ளம் விழுந்து மறுபடி ஏறும். உள்காதும் கொஞ்சம் கெட்டிருக்கிறது என்று நினைக்கத் தோன்றும். அமெரிக்கச் செவித்திறன் ஆய்வாளர் ரேமண்ட் கார்ஹார்ட் 1950-இல் இந்தப் பள்ளம் காக்ளியாவின் பழுதல்ல, அங்கவடி இறுகியதால் எலும்பு வழி ஒலியின் இயக்கமே மாறுவதன் விளைவு என்று விளக்கினார். அங்கவடியை அகற்றிச் செயற்கைத் தண்டு வைத்ததும் காற்றுக் கோடு ஏறுவதோடு அந்தப் பள்ளமும் பெரும்பாலும் நிரம்பிவிடுகிறது. நரம்புப் பழுது என்றால் எந்த அறுவையாலும் நிரம்பியிருக்காது.

மற்றவை கண்ணுக்கு உடனே தெரிபவை. வருடக்கணக்கில் இயந்திர இரைச்சலில் வேலை பார்த்தவரின் இரண்டு கோடுகளும் 4000 ஹெர்ட்ஸ் அருகில் சேர்ந்தே குழி விழுந்து, 8000-இல் கொஞ்சம் மீண்டிருக்கும். வயதானவரின் கோடு இடப்பக்கம் மேலே தொடங்கி வலப்பக்கம் சரிவாக இறங்கும். தாத்தா “கேக்குது, ஆனா புரியல” என்று சொல்வது இதனால்தான். உயிரெழுத்தின் பலம் தடித்த சுருதிகளில் இருக்கிறது, அது கேட்கிறது. ச, த, ப, க போன்ற மெய்களை ஒன்றிலிருந்து ஒன்று பிரித்துக்காட்டும் நுட்பம் மேல் சுருதிகளில் இருக்கிறது, அது விழவில்லை. ‘பசி’ என்றால் ‘படி’ என்று கேட்கும். கத்திப் பேசினால் உயிரெழுத்துதான் இன்னும் பலமாகும், புரிதல் கூடாது.

இந்த இடத்தில் கவை தோற்றுப்போகிறது. அது பேசுவது 512 ஹெர்ட்ஸில் மட்டும். இந்தத் தாத்தாவுக்கும் அந்தத் தொழிலாளிக்கும் 512-இல் குறை ஏதும் இல்லாமலே இருக்கலாம். வெபர் நடுவில், ரின்னே இரண்டு பக்கமும் பாசிட்டிவ். கவையை மட்டும் வைத்துப் பார்த்து “காது நல்லாத்தான் இருக்கு, கவனம்தான் இல்லை” என்று வீட்டுக்கு அனுப்பினால் அது அநியாயம். எவ்வளவு குறை, எந்தச் சுருதியில் குறை என்ற கேள்விகளுக்கு ஆடியோகிராமைத் தவிர வேறு பதில் இல்லை. மறுபுறம், கவை சொல்வதும் ஆடியோகிராம் சொல்வதும் பொருந்தாதபோது, தாள்தான் சரி என்று உடனே எடுத்துக்கொள்ளவும் முடியாது. மாஸ்கிங் விட்டுப்போன தாள்களைப் பிடித்துக்கொடுப்பது பெரும்பாலும் வெபர்தான்.

காரணம் தெரியாமல் ஒரு காது திடீரென்று அடைத்து, கூடவே இரைச்சலோ தலைச்சுற்றலோ இருந்தால், சளி என்று நீங்களே முடிவுசெய்யாதீர்கள். ஒரு தடவை முனகிப் பாருங்கள். குரல் நல்ல காதுக்குப் போனால் அன்றைக்கே காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பாருங்கள். அடைத்த காதுக்கே போனாலும் இரண்டொரு நாளில் காட்டிவிடுங்கள். வெறும் காற்று வழிக் கோடு மட்டும் உள்ள ஆடியோகிராமை வாங்கிக்கொண்டு திரும்பாதீர்கள், எலும்பு வழியும் எடுத்தீர்களா, மாஸ்கிங் செய்தீர்களா என்று கேளுங்கள். தாளைப் பத்திரமாக வையுங்கள். அடுத்த முறை காது அடைக்கும்போது பழைய தாள் ஒன்று கையில் இருந்தால், குறை புதிதா பழையதா என்பது பக்கத்தில் வைத்துப் பார்த்த உடனே தெரிந்துவிடும்.